தொட்டி நீரை இறைக்கும் வேலை, சுருள்வில்லை இழுக்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை = விசை × தூரம் என்றுதானே படித்தோம். நேரே பெருக்கிவிட்டால் என்ன?

அந்தச் சூத்திரத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நகரும் தூரம் முழுக்க விசை ஒரே அளவாக இருக்க வேண்டும். நகர்த்தப்படும் பொருள் முழுவதும் ஒரே தூரம் போக வேண்டும்.

தொட்டி நீரில் இரண்டாவது நிபந்தனை உடைகிறது. மேலே இருக்கும் நீர் விளிம்பைத் தாண்டக் கொஞ்சம் ஏறினால் போதும், அடியில் இருக்கும் நீர் முழு உயரமும் ஏற வேண்டும். சுருள்வில்லில் முதல் நிபந்தனை உடைகிறது: இழுக்க இழுக்க விசை கூடிக்கொண்டே போகிறது.

ஆகவே கணக்கைத் துண்டு போடுகிறோம். துண்டு போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், அதற்குள் மட்டும் இரண்டு நிபந்தனைகளும் கிட்டத்தட்ட நிறைவேறும். அங்கே தைரியமாகப் பெருக்கலாம். அப்புறம் எல்லாத் துண்டுகளையும் கூட்டுவதுதான் தொகையீடு. இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்றே: எதைத் துண்டு போடுவது? மாறுகிற அளவு எதுவோ, அது ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மாறாமல் நிற்கும்படி வெட்ட வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

நீரை ஏன் கிடையாகவே வெட்டணும்? செங்குத்தாக வெட்டினால் ஆகாதா?

செங்குத்தாக வெட்டிய ஒரு தூணில் மேல் நீரும் இருக்கும், அடி நீரும் இருக்கும். அந்தத் தூணுக்கு "தூக்கும் தூரம்" என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முன்னால் இருந்த சிக்கல் வெட்டிய பிறகும் அப்படியே நிற்கிறது. கிடையாக வெட்டினால் அந்த அடுக்கில் உள்ள எல்லாத் துளிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஒரே உயரம் என்றால் ஒரே தூரம். தொட்டி எந்த வடிவில் இருந்தாலும் இது மாறாது.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்.

கூர்முனை கீழே இருக்கும் கூம்புத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 4 மீட்டர், மேல்விளிம்பில் ஆரம் 2 மீட்டர். உள்ளே நீர் 3 மீட்டர் ஆழம் நிற்கிறது. அதை முழுவதும் மேல்விளிம்பு வரை இறைத்து வெளியேற்ற எவ்வளவு வேலை?

முதலில் அளக்கத் தொடங்கும் புள்ளியை முடிவு செய்து தாளில் எழுதிவிடுங்கள். நான் கூர்முனையில் y = 0 என்று வைத்து மேல்நோக்கி அளக்கிறேன். நீர் y = 0 முதல் y = 3 வரை இருக்கிறது, விளிம்பு y = 4-இல் இருக்கிறது.

அடுத்து, y உயரத்தில் dy தடிமன் உள்ள ஓர் அடுக்கு. அது ஒரு வட்டத் தகடு. அதன் ஆரம் என்ன? தொட்டியைப் பக்கவாட்டில் வெட்டிப் படம் வரைந்தால் இரண்டு வடிவொத்த முக்கோணங்கள் கிடைக்கும். முழு உயரம் 4-க்கு ஆரம் 2 என்றால், உயரம் y-க்கு ஆரம் y/2. இனி வரிசையாக எழுதலாம்:

```
அடுக்கின் கன அளவு = π (y/2)² dy = (π/4) y² dy
அடுக்கின் எடை     = 1000 × 9.8 × (π/4) y² dy = 2450π y² dy
தூக்கும் தூரம்     = 4 − y
அடுக்குக்கான வேலை = 2450π y² (4 − y) dy
```

இந்தக் கடைசி வரி சரியாக அமைந்துவிட்டால் கணக்கின் கடினமான பகுதி முடிந்தது. மீதி வெறும் கணிதம்:

```
W = 2450π ∫₀³ (4y² − y³) dy
  = 2450π [ 4y³/3 − y⁴/4 ]₀³
  = 2450π (36 − 20.25)
  = 2450π × 15.75
  = 38587.5π ≈ 1,21,226 ஜூல்
```

பலர் முதல் வரியிலேயே தொகையீட்டுக் குறியைப் போட்டுவிட்டு உள்ளே என்ன எழுதுவது என்று தேடுகிறார்கள். ஓர் அடுக்குக்கான வேலையை முழுதாக எழுதி முடிக்கும் வரை அந்தக் குறியைத் தொடாமல் இருப்பது நல்லது.

தொட்டியின் சுவர் சாய்வாக இருக்கிறதே. அடுக்கை நேரான தகடு என்று எடுத்தால் பிழை வராதா?

வரும். ஆனால் அடுக்கு மெலிய மெலிய அந்தப் பிழை தானாகவே மறைந்துவிடும். எண்ணைப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

மேலே உள்ள தொட்டியில் 1 மீட்டர் தடிமனுக்கு மூன்றே மூன்று அடுக்குகள் வெட்டுவோம். ஒவ்வோர் அடுக்கின் நடு உயரத்தில் y² (4 − y)-ஐக் கணக்கிடலாம்:

```
y = 0.5 :  0.25 × 3.5 = 0.875
y = 1.5 :  2.25 × 2.5 = 5.625
y = 2.5 :  6.25 × 1.5 = 9.375
கூடுதல்              = 15.875
```

சரியான மதிப்பு 15.75. ஒரு மீட்டர் தடிமன் என்பது மெல்லிய அடுக்கே அல்ல, அப்படி இருந்தும் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அரை மீட்டர் தடிமனில் ஆறு அடுக்குகளாக வெட்டினால் 15.78125 வருகிறது. முதலில் 0.125 ஆக இருந்த பிழை இப்போது 0.03125, அதாவது நான்கில் ஒரு பங்கு. தடிமனைப் பாதியாக்கும்போதெல்லாம் இப்படிக் கால்வாசியாகக் குறைந்துகொண்டே போகும். தொகையீடு தரும் 15.75 என்பது இந்த எண்கள் நெருங்கிச் செல்லும் எல்லை. அதனால் இறுதி விடையில் தோராயம் எதுவும் மிச்சம் இல்லை.

அடிநீரைத்தான் ரொம்ப தூரம் தூக்கணும். அப்போ அதற்குத்தான் அதிக வேலை ஆகுமா?

இந்தத் தொட்டியில் ஆகாது. மேலே போட்ட மூன்று அடுக்குக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். அடி அடுக்கு 3.5 மீட்டர் ஏறுகிறது, ஆனால் அதன் பங்கு 0.875 மட்டுமே. மேல் அடுக்கு 1.5 மீட்டர்தான் ஏறுகிறது, அதன் பங்கோ 9.375. கூர்முனையில் நீர் மிகக் குறைவு, அதனால் தூரம் கூடியிருந்தும் வேலை சிறிதாகிவிடுகிறது.

ஒரே தடிமன் உள்ள அடுக்குகளில் மிக அதிக வேலை வாங்குவது எது என்றால், y² (4 − y) உச்சம் அடையும் இடம். வகையிட்டுப் பார்த்தால் y = 8/3, அதாவது முனையிலிருந்து சுமார் 2.67 மீட்டர். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே.

ஆனால் லிட்டர் கணக்கில் கேட்டால் பதில் தலைகீழ். மேல் 1 மீட்டர் நீரில் மொத்த நீரின் 70 சதவீதம் இருக்கிறது, அதை வெளியேற்ற மொத்த வேலையில் சுமார் 58 சதவீதமே ஆகிறது. மீதி 30 சதவீத நீர் 42 சதவீத வேலையைக் கேட்கிறது. ஒரு லிட்டருக்கு என்று பார்த்தால் அடிநீர்தான் செலவு பிடிக்கும்.

எல்லையாக 0 முதல் 4 வரை போட்டேன். தொட்டியின் உயரம் 4 தானே?

எல்லைகள் நீர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், தொட்டி எவ்வளவு உயரம் என்பதை அல்ல. 3 முதல் 4 வரை வெறும் காற்று. அங்கே தூக்க எதுவும் இல்லை. 0 முதல் 4 வரை போட்டால் சுமார் 1,64,200 ஜூல் வரும். அது நிரம்பிய தொட்டிக்கான விடை.

தொட்டியின் உயரம் வேறொரு இடத்தில் வருகிறது: 4 − y என்ற தூரத்தில். நீர் வெளியேறும் இடம் மாறினால் அந்த 4 மட்டும் மாறும். விளிம்புக்கு மேலே இன்னும் 1 மீட்டர் உயரத்தில் குழாய்வாய் இருந்தால் தூரம் 5 − y ஆகும், எல்லைகள் 0, 3 அப்படியே இருக்கும். விடை 60637.5π, சுமார் 1,90,498 ஜூல். பாதி நீரை மட்டும் இறைக்கச் சொன்னால் தூரம் மாறாது, எல்லைகள் மாறும். கேள்வியைப் படிக்கும்போதே "நீர் எங்கிருந்து எங்கு வரை", "எங்கே போய் விழுகிறது" என்ற இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

நான் y-ஐ மேலிருந்து கீழாக அளந்தேன். விடை வேறாக வந்தது.

வேறாக வரக்கூடாது. ஏதோ ஒன்றை மட்டும் பழைய அளவிலேயே விட்டிருப்பீர்கள். விளிம்பில் y = 0 என்று வைத்துக் கீழ்நோக்கி அளந்தால் மூன்று இடங்களில் மாற்றம் வேண்டும். தூக்கும் தூரம் y ஆகும். ஆரம் (4 − y)/2 ஆகும். எல்லைகள் 1 முதல் 4 வரை ஆகும்.

```
W = 2450π ∫₁⁴ y (4 − y)² dy = 2450π × 15.75
```

தூரத்தை மாற்றிவிட்டு ஆரத்தை y/2 என்றே விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு முனைகளிலும் y-ஐப் போட்டுப் பாருங்கள். விளிம்பில் ஆரம் 2 வர வேண்டும், கூர்முனையில் 0 வர வேண்டும். வராவிட்டால் ஆரம் தப்பு.

விடை சரியா என்று தொகையீடு இல்லாமல் சோதிக்க முடியுமா?

முடியும், அதுவும் துல்லியமாகவே. மொத்த எடையை நிறை மையம் ஏறும் தூரத்தால் பெருக்கினால் அதே வேலை வர வேண்டும்.

நம் தொட்டியில் நீரின் வடிவம் உயரம் 3, ஆரம் 1.5 உள்ள கூம்பு. கன அளவு 2.25π கன மீட்டர், எடை 22050π நியூட்டன். கூம்பின் நிறை மையம் கூர்முனையிலிருந்து உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 2.25 மீட்டர். அது 4 மீட்டருக்கு ஏற 1.75 மீட்டர் போக வேண்டும். 22050π × 1.75 = 38587.5π. சரியாகப் பொருந்துகிறது.

நிறை மையம் தெரியாத வடிவமாக இருந்தால் இன்னும் எளிய ஒரு வேலி போடலாம். எந்த நீரும் 1 மீட்டருக்குக் குறைவாக ஏறவில்லை, 4 மீட்டருக்கு மேலும் ஏறவில்லை. ஆகவே விடை 22050π-க்கும் 88200π-க்கும் இடையில்தான் இருக்க முடியும். வெளியே போனால் எல்லையிலோ தூரத்திலோ பிசகு.

இதே வழியில் இன்னொன்றும் பளிச்சென்று தெரியும். அதே கூம்பைக் கவிழ்த்து, அகன்ற பக்கம் கீழேயும் கூர்முனை மேலேயும் இருக்கும்படி வைத்து முழுக்க நிரப்பினால், நிறை மையம் மேல்முனைக்கு 3 மீட்டர் கீழே போகும். நிமிர்ந்த கூம்பு நிரம்பியிருந்தால் அது 1 மீட்டர்தான் கீழே. நீரின் அளவு ஒன்றே, வேலை மட்டும் மூன்று மடங்கு.

நிஜப் பம்பு அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது? அடுக்கு அடுக்காக யாரும் தூக்குவதில்லையே?

நல்ல கேள்வி, பாடத்தில் இதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். நீர்மட்டம் y உயரத்தில் இருக்கும் ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பின் உள்வாய் கூர்முனையில் இருக்கிறது. அங்கே மேலே நிற்கும் நீரே ρgy அளவு அழுத்தத்தைத் தருகிறது; ρ நீரின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம். நீரை 4 மீட்டர் உயரத்துக்குத் தள்ள ρg × 4 வேண்டும். பம்பு தர வேண்டியது இந்த இரண்டின் வித்தியாசம் மட்டும்: ρg(4 − y). அடியிலிருந்து எடுத்தாலும் பம்புக்குத் தெரியும் உயரம் நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரைதான். ஒரு சிறு அளவு அடியில் வெளியேறும்போது மட்டம் இறங்குகிறது. மொத்த விளைவைப் பார்த்தால் மேல் அடுக்கு ஒன்று காணாமல் போய் விளிம்பில் தோன்றியதற்குச் சமம்.

இந்தக் கணக்கில் சேராத செலவுகள் உண்டு. குழாயின் உராய்வு, வெளியேறும் நீரின் வேகத்தில் போகும் இயக்க ஆற்றல், மோட்டாரின் வெப்ப இழப்பு எதையும் இது எண்ணவில்லை. கிடைப்பது குறைந்தபட்ச வேலை. மோட்டாரும் பம்பும் சேர்ந்த பயனுறுதிறன் 50 சதவீதம் என்று வைத்தால் மின்சாரம் இரண்டு மடங்கு, சுமார் 2,42,450 ஜூல் பிடிக்கும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் என்பதால், இது ஒரு யூனிட்டில் 7 சதவீதம்கூட இல்லை.

1000 போடணுமா, 9800 போடணுமா? சில கணக்குகளில் 62.4 வருகிறதே?

1000 என்பது நீரின் நிறை அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ. வேலைக்கு விசை வேண்டும், ஆகவே 9.8-ஆல் பெருக்கி 9800 நியூட்டன் ஆக்க வேண்டும். அடி, பவுண்டு அலகில் வரும் 62.4 என்பது ஒரு கன அடி நீரின் எடை. அது ஏற்கெனவே விசை, அதை மறுபடி g-ஆல் பெருக்கக் கூடாது. வேறு திரவம் என்றால் அதன் அடர்த்தியை மாற்றினால் போதும், வேறு எதுவும் மாறாது.

சுருள்வில்லில் எதை வெட்டுவது? அங்கே அடுக்கே இல்லையே?

பொருளை வெட்டுவதில்லை, தூரத்தை வெட்டுகிறோம். தொட்டியில் நீரைத் துண்டு போட்டோம், ஒவ்வொரு துண்டும் தன் முழுத் தூரத்தையும் போனது. சுருள்வில்லில் முழுப் பொருளும் ஒன்றுதான், அது போகும் பாதையைத் துண்டு போடுகிறோம். அதனால் dy இரண்டு கணக்குகளிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை: தொட்டியில் அது அடுக்கின் தடிமன், எடைக்குள் அடங்கியது. சுருள்வில்லில் dx என்பதே தூரம்.

விசை ஹூக் விதியிலிருந்து வருகிறது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டது: நீட்சிக்குத் தக்க விசை. F = kx. x-லிருந்து x + dx வரை இழுக்கும் அந்தச் சிறு தூரத்தில் விசை கிட்டத்தட்ட kx, ஆகவே வேலை kx dx.

20 செ.மீ நீளச் சுருள்வில்லை 25-க்கு இழுத்துப் பிடிக்க 30 நியூட்டன் வேண்டும். 25-லிருந்து 30-க்கு இழுக்கும் வேலை எவ்வளவு? 0.25 முதல் 0.30 வரை தொகையிட்டேன், 8.25 ஜூல் வருகிறது. சரியா?

x என்பது சுருள்வில்லின் நீளம் அல்ல, இயல்பு நீளத்திலிருந்து எவ்வளவு நீண்டது என்பது. 25 செ.மீ-இல் x = 0.05 மீட்டர், 30 செ.மீ-இல் x = 0.10 மீட்டர்.

```
k = 30 / 0.05 = 600 நியூட்டன்/மீட்டர்
W = ∫ 600x dx  (0.05 முதல் 0.10 வரை)
  = 300 (0.0100 − 0.0025) = 2.25 ஜூல்
```

20-லிருந்து 25 வரை இழுத்தபோது ஆனது 300 × 0.0025 = 0.75 ஜூல். அதே 5 செ.மீ, ஆனால் இரண்டாவது தடவை மூன்று மடங்கு.

இங்கேயும் வேலி போட்டுப் பார்க்கலாம். அந்த 5 செ.மீ தூரத்தில் விசை 30-லிருந்து 60 நியூட்டன் வரை போகிறது. ஆகவே வேலை 1.5 ஜூலுக்கும் 3 ஜூலுக்கும் இடையில் இருந்தாக வேண்டும். 8.25 அதற்கு வெளியே இருப்பதால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். விசை ஒரே சீராகக் கூடுவதால் சராசரி விசை 45 நியூட்டன், 45 × 0.05 = 2.25.

அமுக்கினால் வேலை கழித்தல் குறியில் வருமா?

வராது. அமுக்கும் திசையிலேயே உங்கள் விசையும் இருக்கிறது, இடப்பெயர்ச்சியும் இருக்கிறது. ஹூக் விதிக்குள் இருக்கும் வரை 5 செ.மீ அமுக்கவும் 5 செ.மீ இழுக்கவும் அதே 0.75 ஜூல்தான். கழித்தல் குறி சுருள்வில் செய்யும் வேலைக்கு வரும்.

எந்தச் சுருள்வில்லுக்கும் kx போட்டுவிடலாமா?

இரண்டு இடங்களில் கூடாது. மீட்சி எல்லையைத் தாண்டி இழுத்தால் கம்பி நிரந்தரமாக நீண்டுவிடும், விசைக்கும் நீட்சிக்கும் உள்ள நேர்விகிதம் போய்விடும். விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பாவிட்டால் அந்த எல்லை தாண்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மற்றது, சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கித் தொட்டுக்கொண்டிருக்கும் இழுவைச் சுருள்வில். இவற்றில் பலவற்றைச் செய்யும்போதே ஒரு தொடக்க இழுவிசை ஏற்றப்பட்டிருக்கும். குறிப்பிட்ட விசை வரும் வரை அது நீளவே நீளாது, அப்புறம்தான் kx தொடங்கும். அப்போது F = F₀ + kx. வெட்டும் முறை மாறாது, துண்டுக்கான வேலை மட்டும் (F₀ + kx) dx ஆகும். F₀ = 10 நியூட்டன், k = 600 என்றால் முதல் 5 செ.மீ-க்கு 10 × 0.05 + 300 × 0.0025 = 1.25 ஜூல். ஆய்வகத்தில் எடைக்கு எதிராக நீட்சியை வரைபடமாகப் போடும்போது கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், எடை அச்சில் கொஞ்சம் தள்ளித் தொடங்கினால், தொடங்கும் அந்த இடத்தின் மதிப்புதான் F₀.